“ஓம், பாப்பம்” என்பதை எப்படிச் சுருக்குவது? கூட்டப் பதிவில் தெளிவற்ற கூற்றுகளைக் குறியிடுதல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒவ்வொரு போகமும் தொடங்குவதற்கு முன்னர் நெற்செய்கை ஆரம்பக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. முதல் தண்ணீர் எப்போது திறக்கப்படும், எத்தனை ஏக்கர் செய்கை பண்ணப்படும், விதைப்பை எந்தத் திகதிக்குள் முடிக்க வேண்டும், வட்டை எனப்படும் வயல்வெளிக்குள் நிற்கும் மாடுகளை எப்போது அப்புறப்படுத்த வேண்டும் என்பவை அங்கேதான் தீர்மானிக்கப்படுகின்றன. பெரிய குளங்களைப் பொறுத்தவரையில் இக்கூட்டங்களுக்கு 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அடிப்படையாக இருப்பதால், அங்கு எடுக்கப்படும் தீர்மானங்கள் அந்தக் குளத்துத் தண்ணீரில் செய்கை பண்ணும் அனைவரையும் கட்டுப்படுத்தும். இப்போது பல விவசாய அமைப்புகள் கூட்டத்தைக் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தில் இறக்கி, வர இயலாதவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கமாக அனுப்பி வைக்கின்றன. அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் ஒருவர் உழவு இயந்திரத்துக்கு நாள் குறிப்பார். விதைநெல்லுக்குக் காசு புரட்டுவார்.

பேச்சை உள்ளது உள்ளபடி எழுத்தில் இறக்கியதை இக்கட்டுரையில் எழுத்துப்படி என்றும், அதிலிருந்து எடுத்து எழுதப்படுவதைச் சுருக்கம் என்றும் அழைக்கிறேன். எழுத்துப்படியில் ஒரு கூற்று இரண்டு விதமாகப் பொருள்படுமானால், அவற்றுள் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைத் தேர்ந்து சுருக்கத்தில் எழுதிவிடாமல், “இந்த இடம் தெளிவாக இல்லை, இன்னின்ன விதமாகப் பொருள்படலாம்” என்று வெளிப்படையாகக் குறித்து வைப்பதே ஐயக்குறிப்பு. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் ஐயமான இடங்களில் பாடபேதங்களை அடிக்குறிப்பிலே கொடுத்து, சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டியதும் இதே நேர்மையினால்தான். கூட்டச் சுருக்கத்துக்கு அந்த ஒழுங்கு இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. சுவடியில் ஒரு சொல் பிழைத்தால் அறிஞர்கள் வாதிடுவார்கள். சுருக்கத்தில் ஒரு சொல் பிழைத்தால் ஒருவருடைய வயல் காயும்.

வரைவிலக்கணத்தோடு நின்றால் இந்த வேலை பிடிபடாது. ஆகையால் விளக்கத்துக்காக நானே அமைத்த ஒரு சிறிய உரையாடலை எடுத்துக்கொள்வோம். படுவான்கரையில் ஒரு குளத்தின் சிறுபோகக் கூட்டம் மார்ச் 22ஆம் திகதி நடந்ததாகவும், அதன் எழுத்துப்படியில் நாற்பத்தோராவது நிமிடம் பின்வருமாறு இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் மேல்கண்டம் குளத்துக்கு அண்மையிலுள்ள வயற்பரப்பு, கீழ்க்கண்டம் தள்ளியிருப்பது. வட்டவிதானை வட்டையின் நீர்ப் பங்கீட்டைக் கவனிப்பவர். துரிசு குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு.

[00:41:10] தொழில்நுட்ப உத்தியோகத்தர்: இருக்கிற தண்ணிக்கு முழு வட்டைக்கும் குடுக்க ஏலாது. மேல்கண்டத்துக்குப் பிரச்சினை இல்ல.

[00:41:22] விவசாயி 1: அப்ப கீழ்க்கண்டத்துக்கு இந்த முறை தண்ணி இல்லையா சேர்?

[00:41:27] தொழில்நுட்ப உத்தியோகத்தர்: ஓம், பாப்பம். மழையும் பெய்யும்தானே.

[00:41:33] வட்டவிதானை: போன முறை மாதிரிப் பாதிப் பாதியாச் செய்யலாம்தானே.

[00:41:40] தொழில்நுட்ப உத்தியோகத்தர்: அப்பிடிச் செய்வம். ஆனா பதினஞ்சுக்குள்ள விதைச்சு முடிக்கணும்.

[00:41:48] செயலாளர்: வாய்க்கால் துப்புரவு நாங்க பாத்துக்கொள்ளுவம். காசு ஒண்டரை போன கிழமையே கேட்டிருக்கு.

[00:41:59] விவசாயி 2: அந்தத் துரிசுப் பலகையும் [கேட்கவில்லை] மாத்தினாத்தான் சரி.

இதைச் சுருக்கச் சொன்னால், வேகமாக எழுதப் பழகிய ஒருவர் பெரும்பாலும் இப்படி எழுதுவார்: “கீழ்க்கண்டத்துக்கு இம்முறை நீர் வழங்கப்படாது. கடந்த முறை போன்று பாதிக் காணியில் செய்கை பண்ணத் தீர்மானிக்கப்பட்டது. ஏப்ரல் 15க்குள் விதைப்பு முடிய வேண்டும். வாய்க்கால் துப்புரவுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் திணைக்களத்திடம் கோரப்பட்டுள்ளது. துரிசுப் பலகை மாற்றப்படும்.” படிப்பதற்குச் சீராக இருக்கிறது, ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் இந்த ஐந்து வாக்கியங்களில் ஒன்றுகூட எழுத்துப்படியில் இந்த உறுதியோடு சொல்லப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தினால் தெளிவற்றுப் போயிருக்கிறது.

முதலாவது “ஓம், பாப்பம்.” விவசாயி கேட்டது எதிர்மறைக் கேள்வி. “தண்ணி இல்லையா?” என்று கேட்டால், நம் பேச்சில் “ஓம்” என்பது “ஆமாம், இல்லைதான்” என்றும் பொருள்படும், “சரி, உங்கள் கேள்வி விளங்குகிறது” என்ற வெறும் தலையாட்டலாகவும் இருக்கும். அதன் பின்னால் வந்த “பாப்பம்” முதலாவது பொருளைத் தளர்த்துகிறது. மழையைப் பற்றிய பேச்சு இன்னும் தளர்த்துகிறது. நேரில் இருந்தவர்களுக்கு அவருடைய முகமும் குரலின் இழுப்பும் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும். எழுத்துப்படியில் அவை கிடையா. ஒலிப்பதிவை மறுபடியும் போட்டுக் கேட்டால் குரலின் போக்கு ஓரளவு தெரியும். அதைச் செய்யாமல் குறியிடக் கூடாது. கேட்ட பின்னும் இரண்டு பொருளும் நிற்குமானால், “வழங்கப்படாது” என்றோ “பின்னர் முடிவு செய்யப்படும்” என்றோ எழுதும் உரிமை சுருக்குபவருக்கு இல்லை. “பாப்பம்” என்ற சொல்லை உத்தியோகத்தர்கள் சில வேளைகளில் வேண்டுமென்றே நழுவலாகப் பயன்படுத்துவதும் உண்டு. அப்படியே இருந்தாலும், “உத்தியோகத்தர் நழுவலாகப் பதிலளித்தார்” என்று எழுதுவது இன்னொரு ஊகம். அவருடைய மனத்தைப் படித்ததாகிவிடும். அவர் சொன்ன சொல்லை மேற்கோளாகக் கொடுத்து, அது எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்பதையும் கூடவே வைத்தால் போதும்.

இரண்டாவது கூற்று இந்தப் பகுதியிலேயே மிகவும் கனமானது: “போன முறை மாதிரிப் பாதிப் பாதியா.” தண்ணீர் குறைந்த போகத்தில் பகிர்ந்துகொள்ளும் வழிகள் பல. ஒவ்வொருவரும் தத்தமது காணியில் பாதியை மட்டும் விதைக்கலாம். அல்லது, குளத்துக்கு அண்மையிலுள்ள மேல்கண்டத்தை மட்டும் செய்கைக்கு எடுத்து, கீழ்க்கண்டத்துக் காணிக்காரருக்கும் அதிலே அந்தப் போகத்துக்கு மட்டும் பங்கு பிரித்துக் கொடுக்கலாம். சிங்களப் பகுதிகளில் பெத்மா என்று வழங்கும் பழைய முறை இதுவே. அல்லது, முழுப் பரப்பையும் விதைத்துவிட்டு, பாதி நாள் மேலுக்கும் பாதி நாள் கீழுக்குமாகத் தண்ணீரை முறை வைத்து விடலாம். இம்மூன்றையும் “பாதிப் பாதி” என்று சொல்ல முடியும். முதலாவது முறையில் கீழ்க்கண்டத்துக்காரர் தம் சொந்தக் காணியில் விதைப்பார். இரண்டாவதில் தம் காணியைத் தரிசாக விட்டு இன்னொருவருடைய காணிக்குப் போவார். மூன்றாவதில் முழுவதையும் விதைத்துவிட்டுத் தண்ணீர் போதாமல் போகும் ஆபத்தை ஏற்பார். போதாக்குறைக்கு, “போன முறை” என்பது கடந்த பெரும்போகமா, அல்லது கடந்த ஆண்டுச் சிறுபோகமா என்பதும் சொல்லப்படவில்லை. சுருக்கம் எழுதுபவர் அவ்வூர்க்காரராக இருந்தால் “கடந்த சிறுபோகத்தில் நடந்தது எனக்குத் தெரியுமே” என்று நினைப்பார். அங்கேதான் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது எழுத்துப்படியில் இல்லை. அதைத் தம்முடைய தகவல் என்று தனியாகக் குறிப்பிடலாமே தவிர, கூட்டத்தின் தீர்மானமாக ஆக்கக் கூடாது.

இவ்விடத்தில் புதிதாக எழுதப் பழகுபவர்கள் செய்யும் இன்னொரு தவறு உண்டு. அது ஊகிப்பதைவிட நல்லதுபோலத் தோன்றுவதால் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. “பாதிப் பாதியாகச் செய்யத் தீர்மானிக்கப்பட்டது” என்று பேசியவரின் சொல்லை அப்படியே எடுத்து எழுதிவிட்டால், நான் எதையும் கூட்டவில்லையே என்று மனம் சமாதானமடையும். உண்மையில் தெளிவின்மை அங்கே மறைந்துதான் போகிறது. வாசிக்கும் ஒவ்வொருவரும் தமக்கு விளங்கியபடி அதை எடுத்துக்கொள்வர். தமக்கு விளங்கியதைத் தவிர வேறொரு பொருள் இருக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு வராது. மேல்கண்டத்துக்காரர் ஒன்றையும் கீழ்க்கண்டத்துக்காரர் இன்னொன்றையும் நம்பிக்கொண்டு, இருவரும் அதே தாளைக் கையில் பிடித்தபடி வாய்க்கால் கரையில் சண்டை பிடிக்க நேரும். ஆகவே சொல்லை மேற்கோளாகக் கொடுப்பது பாதி வேலை. அது தெளிவற்றது என்று சொல்வதே மீதி. “எனத் தெரிகிறது”, “என்று கருதலாம்” போன்ற தொடர்களை வாக்கியத்தின் வாலில் ஒட்டிவிடுவதும் இதே வகைதான். அது ஊகத்துக்குப் போர்த்திய சால்வையே. வேறெந்தப் பொருள் சாத்தியம் என்பதை வாசகருக்கு அது சொல்வதில்லை.

மூன்றாவது, “பதினஞ்சுக்குள்ள.” இது தெளிவற்றதாகத் தோன்றினாலும் குறியிட வேண்டியதில்லாத இடம். ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்பது பயனுள்ளது. கூட்டம் நடந்தது மார்ச் 22. ஆகவே “பதினஞ்சு” என்றவுடன் அடுத்து வரும் ஏப்ரல் 15 மனத்தில் விழுகிறது. முதலிற் சொன்ன வேகமான சுருக்கத்தில் அந்தத் திகதிதான் இருந்தது. ஆனால் “பதினைந்து நாட்களுக்குள்” என்றும் அது பொருள்படும். இப்படிப்பட்ட இடத்தில் உடனே ஐயக்குறிப்பைப் போட்டுவிடாமல், எழுத்துப்படியின் முன்னும் பின்னும் தேட வேண்டும். நம்முடைய எழுத்துப்படியில் [00:12:05] என்ற இடத்தில் அதே உத்தியோகத்தர் “முதல் தண்ணி அஞ்சாந் திகதி, ஏப்ரல் அஞ்சு” என்று சொல்லியிருக்கிறார். [01:03:30] என்ற இடத்தில் “இருபதுக்குப் பிறகு விதைக்கிற ஆக்களுக்குத் தண்ணிக்கு நாங்க பொறுப்பில்ல” என்று சொல்கிறார். ஏப்ரல் 5இலிருந்து பதினைந்து நாட்களைக் கூட்டினால் ஏப்ரல் 20 வருகிறது. ஒன்றிலிருந்து ஒன்று தள்ளியிருக்கும் இரண்டு இடங்கள் ஒரே விடையைத் தருவதால், இங்கே ஐயம் தீர்ந்துவிட்டது. சுருக்கத்தில் “விதைப்பு ஏப்ரல் 20க்குள்” என்று எழுதி, மூன்று நேரக்குறிகளையும் பக்கத்தில் கொடுத்தால் சரி.

இந்த ஐந்து நாள் வித்தியாசம் சிறியதென்று எண்ண வேண்டாம். ஏப்ரல் 15 என்று சுருக்கம் சொன்னால், சித்திரை வருடப் பிறப்பு நாட்களில் உழவு இயந்திரமும் கூலிக்கு ஆளும் தேடி ஒருவர் அலைய நேரும். அந்த நாட்களில் இரண்டும் கிடைப்பது அரிது. மூன்றரை மாத நெல்லை விதைப்பவருக்கு, ஏறத்தாழ 105 நாட்கள் என்று கணக்கிட்டால், ஏப்ரல் 15இல் விதைத்த பயிர் ஜூலை 29இலும் ஏப்ரல் 20இல் விதைத்த பயிர் ஓகஸ்ட் 3இலும் முற்றும். கடைசித் தண்ணீரைப் பற்றிய பேச்சும் இதனோடு சேர்ந்து நகரும்.

ஆகவே குறியிடுவதற்கு முன்னர் செய்ய வேண்டியவை ஓர் ஒழுங்கில் வருகின்றன. முதலில் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும். பிறகு எழுத்துப்படியின் மற்ற இடங்களில் அதே ஆள், அதே பொருள், அதே எண் வரும் இடங்களைத் தேட வேண்டும். அதற்குப் பின்னரும் ஐயம் நின்றால்தான் ஐயக்குறிப்பு. இந்த ஒழுங்கைத் தாண்டிப் போனால் சுருக்கம் முழுவதும் குறிப்புகளாக நிறைந்து, உண்மையாகவே கேட்டறிய வேண்டிய இரண்டு மூன்று இடங்களும் அந்தக் குவியலில் காணாமற்போய்விடும்.

நான்காவது கூற்றில் இரண்டு விடயங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே விதமாகக் கையாளக் கூடாது. “வாய்க்கால் துப்புரவு நாங்க பாத்துக்கொள்ளுவம்” என்று செயலாளர் சொன்னதில் “நாங்க” யார் என்று கேட்கலாம். விவசாய அமைப்பா, செயற்குழுவா, காணிக்காரர் எல்லோருமா? ஆனால் பேசியவர் அமைப்பின் செயலாளர்; துப்புரவு வேலையைத் தம் பக்கம் ஏற்றுக்கொள்கிறார் என்பதில் ஐயமில்லை. “துப்புரவு வேலையைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாக விவசாய அமைப்பின் செயலாளர் தெரிவித்தார்” என்று, சொன்னவரின் பெயரோடு சேர்த்து எழுதினால் எவரும் தவறான முடிவுக்குப் போகமாட்டார். இதற்குக் குறிப்பு வேண்டியதில்லை என்பது என் கருத்து. யார் சொன்னார் என்பதை வாக்கியத்தில் வைப்பதாலேயே தீர்ந்துபோகும் ஐயங்கள் நிறைய உண்டு. “தீர்மானிக்கப்பட்டது”, “கூறப்பட்டது” என்று எழுவாயில்லாமல் எழுதும் நம் அலுவலகப் பழக்கந்தான் அவற்றை வளர்க்கிறது.

“காசு ஒண்டரை போன கிழமையே கேட்டிருக்கு” என்பது வேறு. இதிலே தொகையும் தெரியவில்லை. கேட்டவரும் கேட்கப்பட்டவரும் தெரியவில்லை. திணைக்களத்திடம் ஒன்றரை இலட்சம் கேட்டதாகவும் கொள்ளலாம்; காணிக்காரரிடம் ஏக்கருக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டதாகவும் கொள்ளலாம். முதலாவதில் வாசகர் சும்மா இருக்கலாம். இரண்டாவதில் அவர் காசு கட்ட வேண்டும். இந்த வேறுபாடுதான் ஐயக்குறிப்புக்கு உரிய உரைகல்: இரண்டு பொருளில் எதைக் கொண்டாலும் வாசகர் செய்வது ஒன்றேயானால் குறிப்புத் தேவையில்லை, செய்வது மாறுமானால் குறிப்புக் கட்டாயம். காசு, திகதி, பரப்பு, பொறுப்பாளர் ஆகிய நான்கும் வரும் இடங்களில் அந்த வேறுபாடு ஏறக்குறைய எப்போதும் இருக்கும்.

ஐந்தாவதில் பிரச்சினை பொருளில் இல்லை, ஒலியில் இருக்கிறது. கதிரை இழுபட்டதோ, இருவர் ஒரே நேரத்தில் பேசியதோ, ஒரு சொல் விழுங்கப்பட்டிருக்கிறது. “பலகையும் கம்பியும்” என்றிருக்கலாம், “பலகையும் உடனே” என்றிருக்கலாம். இப்படிப்பட்ட இடத்தில் எழுத்துப்படி தயாரித்தவர் [கேட்கவில்லை] என்று நேர்மையாக இட்டிருக்கும்போது, சுருக்குபவர் அந்த அடைப்பைத் துடைத்துவிட்டு வாக்கியத்தைச் சேர்த்துத் தைப்பது எளிதாக நடந்துவிடுகிறது. பேச்சை ஆராய்பவர்கள் கையாளும் எழுத்துப்படி முறைகளில் கேட்காத இடத்துக்கு ஒரு குறியும், “இப்படித்தான் கேட்டது, ஆனால் உறுதியில்லை” என்ற இடத்துக்கு இன்னொரு குறியும் உண்டு. நாமும் [கேட்கவில்லை], [பலகையும் உடனே?] என்று இரண்டையும் பிரித்து வைத்தால், எதை மீண்டும் கேட்டுப் பார்க்கலாம், எதை ஆளிடம்தான் கேட்க வேண்டும் என்பது தெரியும். மேலும், “மாத்தினாத்தான் சரி” என்றது ஒரு விவசாயியின் கருத்து. எவரும் அதற்கு உடன்பட்டதாக எழுத்துப்படியில் இல்லை. “மாற்றப்படும்” என்று எழுதியது இல்லாத வாக்குறுதியை உண்டாக்கியதாகும்.

இப்போது அதே பகுதியை ஐயக்குறிப்புகளோடு சுருக்கினால் எப்படியிருக்கும் என்று பாருங்கள்.

இருக்கும் தண்ணீர் முழு வட்டைக்கும் போதாது என்றும், மேல்கண்டத்துக்குப் பிரச்சினை இல்லை என்றும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தெரிவித்தார் [00:41:10].

கீழ்க்கண்டத்துக்குத் தண்ணீர் இல்லையா என்ற கேள்விக்கு அவர் “ஓம், பாப்பம். மழையும் பெய்யும்தானே” என்று பதிலளித்தார் [00:41:27]. தெளிவில்லை: தண்ணீர் இல்லை என்ற முடிவா, மழையைப் பொறுத்துப் பின்னர் முடிவெடுக்கப்படுமா என்பது பதிவிலிருந்து தெரியவில்லை. உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும்.

“போன முறை மாதிரிப் பாதிப் பாதியா” செய்யலாம் என்ற வட்டவிதானையின் யோசனைக்கு உத்தியோகத்தர் “அப்பிடிச் செய்வம்” என்றார் [00:41:33–00:41:40]. தெளிவில்லை: அவரவர் காணியில் பாதியா, மேல்கண்டத்தை எல்லோரும் பங்கிடுவதா, தண்ணீரை முறை வைப்பதா என்பதும், “போன முறை” எந்தப் போகம் என்பதும் சொல்லப்படவில்லை. வட்டவிதானை, உத்தியோகத்தர் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தெளிவாகும்வரை இதைத் தீர்மானமாகக் கொள்ள வேண்டாம்.

விதைப்பு ஏப்ரல் 20க்குள் முடிய வேண்டும் [00:12:05, 00:41:40, 01:03:30].

வாய்க்கால் துப்புரவைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் செயலாளர் தெரிவித்தார். “காசு ஒண்டரை போன கிழமையே கேட்டிருக்கு” என்றும் அவர் சொன்னார் [00:41:48]. தெளிவில்லை: திணைக்களத்திடம் ஒன்றரை இலட்சம் கேட்டதா, காணிக்காரரிடம் ஏக்கருக்கு ஆயிரத்து ஐந்நூறு கேட்டதா என்பது பதிவிலிருந்து தெரியவில்லை. செயலாளரிடம் கேட்க வேண்டும்.

துரிசுப் பலகையை மாற்ற வேண்டும் என்று ஒரு விவசாயி கூறினார். ஒரு சொல் கேட்கவில்லை [00:41:59]. இதற்குப் பதில் எதுவும் பதிவில் இல்லை.

இது முதலாவது சுருக்கத்தைவிட நீளமானதுதான். அழகிலும் ஒரு படி குறைவுதான். ஆனால் ஒவ்வொரு ஐயக்குறிப்பிலும் நான்கு கூறுகள் இருப்பதைக் கவனியுங்கள்: பேசியவரின் சொல், அது வந்த நேரம், சாத்தியமான பொருள்கள், தெளிவுபடுத்தக்கூடிய ஆள். குறிப்பு அந்தக் கூற்றின் காலடியிலேயே இருக்கிறது. தாளின் கடைசியில் “சில இடங்கள் தெளிவில்லை” என்று ஒரு பொதுவான வரியைப் போட்டால், கைபேசியில் முதல் நான்கு வரிகளை மட்டும் பார்த்துவிட்டு வயலுக்குப் போகிறவருக்கு அது எட்டாது.

சாத்தியமான பொருள்களை எழுதும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். இரண்டு மூன்று பொருள்களைக் கொடுத்துவிட்டால் வேறெதுவும் இருக்க முடியாது என்று வாசகர் எண்ணிவிடக் கூடும். எனவே அவற்றை நீங்கள் காணும் பொருள்களாக மட்டுமே வையுங்கள். எது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்று உங்களுக்குப் பட்டாலும், அதை முதலாவதாக எழுதித் தடித்த எழுத்தில் காட்டுவது மறைமுகமான ஊகமே.

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் அடிக்கடி வரும். உத்தியோகத்தர் சிங்களத்தில் பேச, ஒருவர் நின்று தமிழில் சொல்வார். எழுத்துப்படியில் அந்தத் தமிழ் மட்டும் இறங்கியிருக்கும். தெளிவின்மை மூலப் பேச்சில் இருந்ததா, மொழிபெயர்த்தவரின் வாயில் பிறந்ததா என்பது அதிலிருந்து தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக்கொண்டு ஒலிப்பதிவின் அந்த நிமிடத்தைக் கேட்டாலே பல ஐயங்கள் தீர்ந்துவிடும். தீராவிட்டால், “மொழிபெயர்ப்பின்படி” என்று குறிப்பில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது கேட்டறிதல். இங்கே கேள்வியின் வடிவம் முக்கியமானது. உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்து, “சேர், பாதிப் பாதி என்டா மேல்கண்டத்தைப் பங்கு போடுறதுதானே?” என்று கேட்டால், அவர் இன்னொரு வேலையில் நின்றபடி “ஓம், ஓம்” என்பார், நம்முடைய ஊகத்துக்கு அவருடைய முத்திரை விழுந்துவிடும். “சேர், பாதிப் பாதியாச் செய்வம் எண்டு சொன்னீங்க, கீழ்க்கண்டத்து ஆள் ஒருத்தர் இந்த முறை எங்க, எவ்வளவு விதைக்கலாம்?” என்று கேட்டால், அவர் தம் வாயாலேயே விவரம் சொல்லியாக வேண்டும். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியைத் தவிர்ப்பதே இதிலுள்ள நுட்பம். வட்டவிதானையையும் உத்தியோகத்தரையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. யோசனை சொன்னவர் ஒன்றை நினைத்து, உடன்பட்டவர் வேறொன்றை நினைத்திருந்தால், அங்கே உடன்பாடே ஏற்படவில்லை; அதைக் கூட்டம் மீண்டும் கூடித்தான் தீர்க்க வேண்டும். இப்படியொரு நிலையைச் சுருக்கம் எழுதுபவர் தம் ஊகத்தால் மூடிவிட்டால், அது அறுவடைக்கு முன்னர் எப்படியும் வெளியே வரும்.

பதில் கிடைத்த பின்னர் எழுத்துப்படியில் கை வைக்கக் கூடாது. அது அன்று பேசப்பட்டதன் பதிவு. திருத்தம் சுருக்கத்தில் மட்டும், அதுவும் பின்னர் கிடைத்தது என்று தெரியும்படி சேர்க்கப்பட வேண்டும். உதாரணமாக, “மார்ச் 25: காணிக்காரரிடம் ஏக்கருக்கு 1,500 ரூபாய் கேட்கப்பட்டிருப்பதாகச் செயலாளர் தொலைபேசியில் தெளிவுபடுத்தினார்” என்று எழுதலாம். இதைக் கூட்டத்திலேயே சொல்லப்பட்டதுபோல எழுதினால், அன்று மண்டபத்தில் இருந்தவர் “அப்படி ஒருவரும் சொல்லவில்லையே” என்பார்; அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

சில வேளைகளில் சுருக்கம் போக வேண்டிய நாள் வந்துவிடும், பதில் வந்திராது. அப்போது ஐயக்குறிப்புகளை நீக்கிவிட்டு அனுப்புவதற்கும், பதில் வரும்வரை முழுச் சுருக்கத்தையும் நிறுத்தி வைப்பதற்கும் இடையில் தடுமாறத் தேவையில்லை. விதைப்புத் திகதி போன்ற தெளிவானவை உடனே போய்ச் சேர வேண்டும். எனவே சுருக்கத்தை அனுப்பிவிட்டு, அதன் தலைப்புக்குக் கீழேயே “மூன்று இடங்கள் இன்னும் தெளிவாகவில்லை: கீழ்க்கண்டத்துக்குத் தண்ணீர், பாதிப் பாதி முறை, துப்புரவுக் காசு. மார்ச் 24 மாலை கேட்கப்பட்டது, பதில் வரவில்லை” என்று நிலைமையை எழுதிவிட வேண்டும். ஒவ்வொன்றும் தெளிவாகும்போது அந்த வரியிலிருந்து அதை நீக்கி, தெளிவான திகதியையும் சொன்னவரையும் உரிய இடத்தில் சேர்த்து மீண்டும் அனுப்பலாம். பாதிப் பாதி முறை மட்டும் ஏப்ரல் 5க்கு முன்னர் தெளிவாகாவிட்டால், முதல் தண்ணீர் திறப்பதற்கு முன்னர் அதைச் செயற்குழுவின் முன் வைக்கும்படி தலைவரிடம் எழுத்தில் கொடுப்பது சுருக்கம் எழுதியவரின் பொறுப்பு.